திரும்பி வந்த இன்வொய்ஸ் மெயில்

“நிலாவெளி ஹோட்டலுக்கு மீன் இன்வொய்ஸ் மெயில் பண்ணினேன், திரும்பி வந்துட்டுது. வரேல்ல எண்டு காசு தராயினம்.”

அந்தத் திரும்பிய மெயிலை அழிக்காதீங்கோ அண்ணை. அதற்குள் ஓர் எண் இருக்கும். `5.1.1` என்றால் அப்படியொரு முகவரியே இல்லை. `5.2.2` என்றால் அவர்களுடைய பெட்டி நிரம்பிவிட்டது, வேறு முகவரி கேளுங்கள். உப்புவெளியில் ஒரு விடுதிக்கு நான் `accounts@` என்பதில் `s` ஒன்றை விட்டுவிட்டு ஒரு மாதம் காத்திருந்தேன்.

பழைய இன்வொய்ஸ் எண்ணையும் திகதியையும் மாற்றாமல் திரும்ப அனுப்பி, “கிடைத்தது” என்று ஒரு வரி பதில் கேளுங்கள். மெயில் திரும்பி வராததை மட்டும் வைத்து அவர்கள் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. பதில் வராவிட்டால், அடுத்த முறை மீன் இறக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் வாங்கியவரின் பெயர், கையெழுத்து, திகதி, முத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.