சீயக்காய் சோப்பும் போர் தண்ணீரும்

கேள்வி: கோயம்புத்தூரில் இருந்தவரை சிறுவாணித் தண்ணீர்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் சென்னை மேடவாக்கம் பக்கம் குடிவந்தோம். இங்கே போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். அதே சீயக்காய் சோப், அதே தேங்காய் எண்ணெய்தான் போடுகிறேன். ஆனால் முடி பளபளப்பே இல்லாமல் நார் மாதிரி ஆகிவிட்டது. சீப்பு இறங்கவே மாட்டேன் என்கிறது, நிறைய உதிரவும் செய்கிறது. டி.டி.எஸ். 900 என்று அசோசியேஷனில் சொன்னார்கள். ஷவரில் மாட்டுகிற ஃபில்டர் வாங்கலாமா?

பதில்: ஃபில்டரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் மாற்ற வேண்டியது அந்த சோப்பை.

பெயரில் சீயக்காய் இருந்தாலும் பெரும்பாலான சீயக்காய் சோப்புகள் அடிப்படையில் எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த சாதாரண சோப்தான். கடின நீரில் கால்சியம், மெக்னீசியம் இரண்டும் கரைந்திருக்கும். சோப்பில் உள்ள கொழுப்பு அமிலம் இவற்றோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத பிசுக்காக மாறிவிடும். உங்கள் பக்கெட் விளிம்பில் சாம்பல் நிறத்தில் படிந்திருக்குமே, அதுதான். அதே பிசுக்கு முடியிலும் படிகிறது. எத்தனை மக் தண்ணீர் ஊற்றினாலும் போகாது, ஏனென்றால் ஊற்றுகிற தண்ணீரும் அதே கடின நீர். சீப்பின் பற்களுக்கு நடுவே வெள்ளையாகவோ சாம்பலாகவோ மாவு போல ஒன்று சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். சிறுவாணித் தண்ணீரில் இந்த உப்புகள் மிகக் குறைவு. அதனால்தான் அங்கே அதே சோப் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை.

சோப் போடாமல் ஷாம்பு போட்டாலும் கொஞ்சம் பாதிப்பு உண்டு. முடியின் மேல்பரப்பில் எதிர்மின் தன்மை இருப்பதால் கால்சியம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். கலரிங், ஸ்ட்ரெய்ட்னிங் செய்த முடியில் இன்னும் அதிகமாக ஒட்டும். இப்படி உப்பும் பிசுக்கும் படிந்த முடியின் மேல்பரப்பு சொரசொரப்பாகி, ஒளி ஒரே சீராகத் திரும்பாது. பளபளப்பு போவதும் ஒரு முடி இன்னொன்றில் சிக்குவதும் இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், இதில் பெரும்பகுதி மேலே படிந்ததுதான், கழுவி எடுத்துவிடலாம்.

அதற்கு முன் தண்ணீரை உறுதி செய்துகொள்ளுங்கள். டி.டி.எஸ். 900 என்பது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தக் கணக்கு. அதில் கடினத்தன்மை எவ்வளவு என்று அந்த மீட்டர் சொல்லாது. கடலோரப் பகுதிகளில் டி.டி.எஸ்.ஸில் பாதிக்கு மேல் சாதாரண உப்பாகவே இருக்கலாம். அது முடியைக் கொஞ்சம் வறட்டும், ஆனால் பிசுக்கு உண்டாக்காது. வீட்டிலேயே பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரே அளவு பாட்டில் இரண்டு எடுத்து, ஒன்றில் கேன் தண்ணீர், மற்றதில் குழாய்த் தண்ணீர் பாதி வரை நிரப்புங்கள். இரண்டிலும் உங்கள் சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டு, மூடிக் குலுக்குங்கள். கேன் தண்ணீரில் நுரை பொங்கும். குழாய்த் தண்ணீரில் நுரை நிற்காமல், தண்ணீர் கலங்கித் திரிதிரியாக வந்தால் அது கடின நீர். ஷாம்பு போட்டுப் பார்க்காதீர்கள், அது கடின நீரிலும் ஓரளவு நுரைக்கும். எண் வேண்டும் என்றால் மீன் தொட்டி விற்கும் கடைகளில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் கடினத்தன்மை கிட் கிடைக்கும், வாங்கிக்கொள்ளலாம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழி இல்லாத இடங்களில் 600 வரை அனுமதி. லாரித் தண்ணீர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கிணற்றிலிருந்து வரக்கூடும், அதனால் ஒரு லோடில் பார்த்தது அடுத்த லோடுக்குப் பொருந்தாது.

சரி, இப்போது படிந்ததை எடுப்பது. இங்கே வரிசைதான் முக்கியம். பலர் சோப் போட்டுக் குளித்துவிட்டுக் கடைசியில் எலுமிச்சைச் சாறு ஊற்றுகிறார்கள். முடி இன்னும் பிசுபிசுப்பாகிவிட்டது என்பார்கள். காரணம், புளிப்பு அந்தப் பிசுக்கிலிருந்து கால்சியத்தைப் பிரிக்கும்போது கொழுப்பு தனியாக வெளியே வருகிறது. அதை எடுத்துச் செல்ல அதற்குப் பிறகு ஷாம்பு வேண்டும். ஆகவே முதலில் புளிப்பு, அப்புறம் ஷாம்பு.

எண்ணெய் வைக்காத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் கொடுப்பார்கள். அதில் கால் டீஸ்பூன், அதாவது ஏறக்குறைய ஒரு கிராம், ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரில் கரையுங்கள். இந்த அளவு கடின நீருக்குத்தான். அந்த நீரில் உள்ள காரத்தன்மை புளிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கேன் தண்ணீரில் கரைப்பதானால் பாதி போதும், இல்லாவிட்டால் தேவைக்கு மேல் புளித்துவிடும். லெமன் சால்ட் இல்லையா, வெள்ளை வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன் போதும். எலுமிச்சை என்றால் அரைப் பழச் சாற்றை வடிகட்டிச் சேர்க்கலாம். ஆனால் சாறு தோலில் இருக்கும்போதே வெயிலில் போனால் கருத்துக் கொப்பளிக்கக்கூடும் என்பதால் நன்றாகக் கழுவிவிட வேண்டும். நனைந்த முடியில், முக்கியமாகக் காதுக்குக் கீழே உள்ள பகுதியில், இந்த நீரை மெதுவாக ஊற்றி மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். கண்ணில் படக்கூடாது. தலையில் புண்ணோ சிரங்கோ இருந்தால் ஆறும்வரை இதைத் தள்ளிப்போடுங்கள்.

பிறகு ஷாம்பு. லேபிளில் டைசோடியம் அல்லது டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ., சோடியம் குளுக்கோனேட் போன்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போகும் பொருட்கள். பட்டியலின் கடைசியில் இருந்தால் அளவு மிகக் குறைவு, அந்த ஷாம்புவிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஒரு மக் கேன் தண்ணீரில் ஷாம்புவைக் கரைத்து ஊற்றினால் குறைந்த அளவே நன்றாக நுரைக்கும். இந்த முதல் தடவை மட்டும் இரண்டு முறை ஷாம்பு போடுங்கள். பிசுக்கு எடுத்த முடி வறட்டென்று தெரியும். அதனால் நுனிப் பகுதியில் கண்டிஷனர் பூசி இரண்டு நிமிடம் விட்டு, குழாய்த் தண்ணீரிலேயே அலசலாம்.

கடைசி அலசல்தான் இதில் உயிரான இடம். முடி காயும்போது தண்ணீர் போய்விடும், அதில் இருந்த உப்பு முடியிலேயே நிற்கும். ஆகவே முடியில் கடைசியாகத் தங்குகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால் போதும், முழுக் குளியலுக்கும் கேன் வாங்க வேண்டியதில்லை. இடுப்புவரை முடி என்றாலும் இரண்டு லிட்டரில் முடியும். ஒரு லிட்டரைப் பேசினில் ஊற்றி முடியை முக்கிப் பிழியுங்கள், அடுத்த லிட்டரை மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மொட்டை மாடித் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். முதல் மழையை ஓடவிட்டு அடுத்ததைப் பிடித்து மூடி வைத்தால் இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரைச் சிலர் குளிக்கச் சேர்த்து வைக்கிறார்கள். தரை துடைக்க அது சரி. முடிக்கு வேண்டாம், குழாய்த் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். ஏ.சி. தண்ணீரில் கடினத்தன்மை இருக்காதுதான், ஆனால் காயிலில் உள்ள தூசியும் பூஞ்சையும் சேர்ந்து வரும்.

இனி வழக்கமான குளியலுக்கு சோப் கூடாது. சீயக்காய்தான் பழக்கம் என்றால் தூளாகவே போடுங்கள். அதில் உள்ள நுரைப்பொருள் சோப்பைப் போலப் பிசுக்காகாது, தூள் தங்காமல் அலசினால் போதும். புளிப்பு நீர் வாரம் ஒரு முறைக்கு மேல் தேவையில்லை. எண்ணெயைக் குளிப்பதற்கு முந்தைய இரவு ஒன்றிரண்டு டீஸ்பூன் மட்டும் வையுங்கள். சொட்டச் சொட்ட வைத்தால் அதை எடுக்க ஷாம்புவும் அலசலும் இரட்டிப்பாகும்.

இப்போது ஃபில்டர். ஷவர் ஃபில்டர்கள் பெரும்பாலும் குளோரினைக் குறைக்கத்தான் செய்யப்பட்டவை. கால்சியத்தை எடுக்க ரெசின் என்ற மணிகள் வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் 50 கிராம் அளவுக்குக் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று வையுங்கள். ஷவரில் மாட்டுவதில் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி ரெசின் இருப்பதாகவே கொண்டாலும் 10 கிராம்தான். உங்கள் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருந்தால் 20 லிட்டரில், அதாவது ஒரு பக்கெட் தண்ணீரில் அது நிறைந்துவிடும். குளியலறைக் குழாயோடு அல்லது மாடித் தொட்டியோடு இணைக்கிற பெரிய சாஃப்ட்னர் உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அதை உப்புக் கரைசல் விட்டு முறையாகப் புதுப்பிக்க வேண்டும். போட்ட பிறகும் டி.டி.எஸ். குறையவில்லையே என்று பயப்படாதீர்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, மொத்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். அசோசியேஷன் பொதுவாகப் போட்டால் செலவு பகிரும், கேட்டுப் பாருங்கள்.

படிகாரம் போட்டால் கலங்கல்தான் தெளியும், கடினத்தன்மை போகாது. கொதிக்க வைத்து ஆற்றித் தெளிந்ததை எடுத்தால் ஒரு பகுதி குறையும், மீதி அப்படியே நிற்கும். பாத்திரத்தின் அடியில் வெள்ளை ஓடு கட்டினால் அந்த ஒரு பகுதி உங்கள் தண்ணீரில் இருக்கிறது என்று அர்த்தம். சோடா மாவு கலக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அந்தக் காரம் முடியை மேலும் சொரசொரப்பாக்கும்.

முதல் குளியலிலேயே முடியின் வழுவழுப்பில் வித்தியாசம் தெரிய வேண்டும். நான்கைந்து குளியலுக்குப் பிறகும் நுனி அப்படியே வறண்டிருந்தால், அது படிந்ததல்ல, சூட்டாலோ கெமிக்கலாலோ சேதமான பகுதி. அதை வெட்டுவதுதான் வழி.

உதிர்வதைத் தனியாகப் பாருங்கள். சீப்பில் வரும் முடியை வெள்ளைத் தாளில் வையுங்கள். குட்டைத் துண்டுகளாக, முனையில் எதுவும் இல்லாமல் இருந்தால் சிக்கில் ஒடிந்தவை. மேலே சொன்னதைச் செய்தால் குறையும். முழு நீளமாக, ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழோடு இருந்தால் வேரிலிருந்து உதிர்ந்தவை. தண்ணீர் வேரைத் தொடுவதில்லை. கடின நீர் முடியின் வலுவைக் குறைக்கிறதா என்பதிலேயே ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2013-இல் வெளியான கோவை மருத்துவர்களின் ஆய்வு ஒன்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. வேரோடு உதிர்ந்தால், அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் கடும் காய்ச்சல், பிரசவம், திடீர் எடைக்குறைவு ஏதாவது இருந்ததா என்று யோசியுங்கள். ஒரு நாளைக்கு நூறு வரை உதிர்வது இயல்பு. அதைவிடத் தெளிவாக அதிகம் என்றாலோ வகிடு அகலமானாலோ தோல் மருத்துவரிடம் போய் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.