கிடைமட்டப் பட்டை வரைபடத்தில் நீண்ட பெயர்கள்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, கள ஆய்வுப் பணியாளர்: ஐயா, மா விவசாயிகளிடம் காய் விற்பதில் உள்ள சிக்கல்களைக் கேட்டதில் ஒன்பது வகைப் பதில்கள் வந்தன. எக்செலில் பட்டை வரைபடம் போட்டால் ஐந்து பெயர்கள்தான் தெரிகின்றன. எழுத்தைச் சிறிதாக்கியும் பார்த்துவிட்டேன்.

உயரம் போதாதபோது எக்செல் ஒன்று விட்டு ஒன்றாகப் பெயர்களை மறைத்துவிடும். ஒன்பது பட்டைகளுக்கு ஐந்து பெயர்கள் நிற்பதே அதற்கு அடையாளம். `Format Axis` பகுதியில் `Labels` என்பதன் கீழ் `Specify interval unit` என்பதை 1 ஆக்கினால் எல்லாப் பெயர்களும் வந்துவிடும். ஆனால் உயரத்தைக் கூட்டாவிட்டால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 10 புள்ளி எழுத்தில் ஒரு வரிக்கு 14 புள்ளி என்று வைத்து, பெயருக்கு இரண்டு வரியும் அடுத்த பெயருக்கு முன் ஒரு வரி வெற்றிடமும் விட்டால், ஒரு பட்டைக்கு 42 புள்ளி வேண்டும். ஒன்பதுக்கு 378 புள்ளி, அதாவது 13 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஏ4 தாளில் பாதிக்கும் குறைவு. அந்த வெற்றிடத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் எந்த வரி எந்தப் பட்டைக்கு உரியது என்பது குழம்பிவிடும்.

வரியை எங்கே உடைப்பது என்பதை மென்பொருளிடம் விடாமல், கலத்துக்குள் `Alt+Enter` அழுத்தி நீங்களே உடையுங்கள். "மண்டி விலையை முன்கூட்டியே தெரிந்துகொள்ள / முடிவதில்லை" என்று உடைந்தால் இரண்டாம் வரி தனித்து நின்று பொருள் தராது. "மண்டி விலையை முன்கூட்டியே / தெரிந்துகொள்ள முடிவதில்லை" என்பது ஒரே பார்வையில் பிடிபடும். "பறித்துக்" என்று ஒற்றில் முடியும் சொல்லையும் வரியின் கடைசியில் விடாதீர்கள். அடுத்த சொல்லுக்காகவே அந்த ஒற்று வந்திருக்கிறது.

ஓசூர், நிரலாளர்: பைத்தானில் பெயர்களை 20 எழுத்துக்கு மடித்து, பிளாட்லியில் வரைகிறேன். ஆங்கிலத்தில் அழகாக வருகிறது. தமிழில் வரிகள் குட்டையாகின்றன. ஓரிடத்தில் புள்ளி வட்டம்கூட வந்தது.

பைத்தான் எண்ணுவது நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை அன்று. உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாகக் கணக்கில் சேர்க்கிறது. "கிருஷ்ணகிரி" நமக்கு ஆறு எழுத்து, `len()` சொல்வது 11. ஆகவே தமிழுக்கு அகலத்தை 34 அளவில் தொடங்கி, படத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். அகலத்தைவிட நீண்ட சொல்லை `textwrap` நடுவில் வெட்டும்போது மெய்யிலிருந்து குறி பிரிந்து வரித் தொடக்கத்தில் நிற்கிறது. அதுதான் அந்தப் புள்ளி வட்டம். வெட்டைத் தடுத்துவிடுங்கள், பிளாட்லியில் வரிமுறிவுக்கு `<br>` வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

```python
"<br>".join(textwrap.wrap(name, 34, break_long_words=False))
```

பென்னாகரம், ஆசிரியை: அகர வரிசையில் அடுக்கினால்தானே பெயரைத் தேட எளிது? ஆனால் அட்டவணையில் சரியாக இருப்பது படத்தில் தலைகீழாகி விடுகிறது.

முப்பது ஊர்களின் பெயர்களுக்கு நீங்கள் சொல்வது சரி; வாசகர் தம் ஊரைத் தேடித்தான் வருவார். நீண்ட சொற்றொடர்களை முதலெழுத்தை வைத்து யாரும் தேடுவதில்லை, அங்கே பெரிய மதிப்பு மேலே வரட்டும். "மற்றவை" எவ்வளவு பெரிதானாலும் கடைசியில் இருக்கட்டும். "மிகவும் திருப்தி" முதல் "திருப்தியே இல்லை" வரையிலான விடைகளை அவற்றின் இயல்பான வரிசையிலேயே விடுங்கள்.

எக்செல் முதல் வரிசையை அச்சின் அடியிலிருந்து தொடங்குவதால்தான் படம் கவிழ்கிறது. `Categories in reverse order` என்பதைத் தேர்ந்தெடுங்கள். உடனே எண் அச்சு மேலே போய்விடும். `At maximum category` கொடுத்தால் கீழே திரும்பும்.

தர்மபுரி, அலுவலக உதவியாளர்: நான் பெயரைப் பட்டைக்குள்ளேயே எழுதிவிட்டேன். இடமும் மிச்சம். இதையே எல்லாரும் செய்யலாமே?

உங்கள் படத்தில் எல்லாப் பட்டைகளும் நீளமாக இருந்திருக்கும். கிருஷ்ணகிரி நண்பரின் ஒன்பதாவது பட்டை கட்டைவிரல் அகலம்கூட வராது. பெயர் வெளியே வழிந்து, பாதி நிறத்தின்மேலும் பாதி வெள்ளையிலும் கிடக்கும். இடமே சிக்கல் என்றால் பெயரை ஒவ்வொரு பட்டையின் தலைமேலும் இடப்பக்கம் ஒட்டி எழுதுங்கள். எக்செலில் எல்லாம் சுழியாக உள்ள ஒரு துணை நெடுவரிசையைச் சேர்த்து, அதற்கு `Data Labels` கொடுத்து, அதில் `Category Name` மட்டும் காட்டி, இடத்தை `Inside Base` என்று வையுங்கள். பிறகு அச்சின் பெயர்களை நீக்கிவிடலாம். வரிசையைத் தலைகீழாக்கியிருந்தால் துணை நெடுவரிசை முதலில் இருக்க வேண்டும், இல்லையேல் பெயர் பட்டைக்கு அடியில் போய் நிற்கும்.

கிருஷ்ணகிரி, அதே பணியாளர்: அப்படியானால் பெயர் பக்கத்திலா, தலைமேலா? எங்கள் குழுவில் இரு கட்சியாக நிற்கிறோம்.

கைப்பேசியில் பார்க்கப்படும் படத்துக்கு நான் தலைமேல்தான் வைப்பேன், பட்டைக்கு முழு அகலமும் கிடைக்கிறது. அச்சு அறிக்கையில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. பெயர்கள் ஒரு பக்கமும் பட்டைகள் ஒரு பக்கமுமாக இருக்கும்போது பெயர்களை மட்டும் மேலிருந்து கீழாக ஓட்டிப் படிக்க முடிகிறது, தலைமேல் வைத்தால் அந்த ஓட்டம் பட்டைகளில் தடுக்குகிறது. இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு, ஆய்வில் பங்கெடுக்காத இருவரிடம் ஐந்தாவது சிக்கல் எது, அதன் அளவு என்ன என்று கேட்டுப் பாருங்கள்.