தனியாள் தொழிலுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும்

கேள்வி: கல்லடியில் தனியாக ஏசி திருத்துகிறேன். நேரம் குறிக்கவும் கணக்குப் பார்க்கவும் காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?

இலவச கூகுள் ஷீட் ஒன்றே போதும். A முதல் E வரை திகதி, தொடக்கம், முடிவு, வேலை வகை, தொகை என்று வையுங்கள். F2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=COUNTIFS(A:A,A2,B:B,"<"&C2,C:C,">"&B2)>1
```

TRUE என்று வந்தால் இரண்டு வேலைகள் மோதுகின்றன. 9:00–10:30 சர்வீஸ் இருக்கும் நாளில் 10:00-க்கு இன்னொன்றை எழுதினால் இரண்டு வரியிலும் TRUE வரும். முடிவு நேரத்தில் அடுத்த இடத்துக்கான பயணத்தையும் சேர்த்தே எழுதுங்கள். கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர், அதை விட்டால் சூத்திரத்தால் பயனில்லை. நேரம் கலத்தில் இடப்பக்கம் ஒட்டி நின்றால், ஷீட் அதை வெறும் எழுத்தாக எடுத்திருக்கிறது, மோதல் தெரியாது.

அப்புறம் கணக்கு. மொத்த வருமானத்தை விட, மணிக்கு எவ்வளவு என்பதுதான் முக்கியம். G2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=E2/((C2-B2)*24)
```

நேரத்தை ஷீட் நாளின் பின்னமாக வைப்பதால்தான் 24. பொருள் செலவு கழித்து, 6 மணி நேரப் பொருத்தல் 12,000 ரூபாய் தந்தால் மணிக்கு 2,000. ஒன்றரை மணி நேர சர்வீஸ் 4,000 தந்தால் ஏறத்தாழ 2,667. சர்வீஸுக்கு முதலிடம் கொடுங்கள்.