அரிக்கன் லாம்பும் மூன்று லைட்டும்

வணக்கம் அண்ணா,

இரணைமடுப் பக்கம் வயல் காவலுக்குப் போகும் என் அம்மப்பாவை ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். இரவு, காவல் கொட்டில், அவருக்கு இடப்பக்கம் அரிக்கன் லாம்பு, வெளியே நிலவு. ஒரு பாட வீடியோவில் சொன்னபடி மூன்று ஏரியா லைட் வைத்தேன். முக்கிய வெளிச்சமான கீ 1000 வாட், லாம்புப் பக்கம் 4 மீட்டரில். நிழலைத் தணிக்கும் ஃபில் அதில் பாதி, 500 வாட், மறுபக்கம் 2 மீட்டரில். பின்னால், உருவின் ஓரத்தைக் காட்டும் ரிம் 1000 வாட். முகம் தட்டையாக, சாம்பல் பூசினமாதிரி இருக்கிறது. அம்மப்பா நல்ல கறுப்பு. தோல் நிறத்தைக் கொஞ்சம் வெளிற வைத்தும் பார்த்தேன், இன்னும் மோசம். ப்ளெண்டரின் சைக்கிள்ஸ் இயந்திரத்தில்தான் ரெண்டர் செய்கிறேன். எங்கே பிழை?

வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள தங்கச்சி,

முதல் பிழை அந்த 2 மீட்டரில் இருக்கிறது. Power பெட்டியில் நாம் எழுதும் எண், லைட் மொத்தமாக எவ்வளவு வெளிச்சத்தை விடுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். முகத்தில் எவ்வளவு விழுகிறது என்பதைத் தூரம் முடிவு செய்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். கீ 1000, தூரம் 4, அதன் வர்க்கம் 16, வகுத்தால் 62.5. ஃபில் 500, தூரம் 2, வர்க்கம் 4, வகுத்தால் 125. பாதி என்று நினைத்து வைத்த ஃபில், முகத்தில் கீயைப்போல் இரண்டு மடங்காக விழுகிறது. கீ போட்ட நிழலை ஃபில் அழித்துவிட்டது. மூக்கும் கன்ன எலும்பும் எங்கே எழும்பி நிற்கின்றன என்று காட்டுவது அந்த நிழல்தான். அது போனால் முகம் தட்டைதான்.

வீடியோக்காரர் பாதி என்று சொன்னதில் பிழையில்லை. அவர் இரண்டு லைட்டையும் ஒரே தூரத்தில் வைத்திருப்பார், அதைச் சொல்ல மறந்திருப்பார்.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் வேறு. உங்கள் லைட்டுகள் எல்லாமே அளவுக்கு மீறிப் பிரகாசம். 1000 என்ற எண் பலருக்கும் ப்ளெண்டரின் புதுக் கோப்பில் வரும் லைட்டிலிருந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த லைட் நடுவிலிருந்து 7 மீட்டருக்கும் அப்பால், எல்லாத் திசைக்கும் வெளிச்சத்தைச் சிதறவிடும் பொயின்ட் லைட். முகத்தைக் குறிவைத்த ஏரியா லைட்டுக்கு அந்த எண் பொருந்தாது. அதோடு 4.0 பதிப்பிலிருந்து வண்ணத்தைக் கையாளும் AgX, வெளிச்சம் கூடக்கூட நிறத்தை வெள்ளையை நோக்கி வெளிறச் செய்யும். மண்ணிறம் அளவுக்கு மிஞ்சிய வெளிச்சத்தில் அந்த வழியில்தான் சாம்பலாகிறது. தோல் நிறத்தை வெளிற வைத்தபோது நிலைமை மோசமானதும் இதனால்தான். அம்மப்பாவுக்கு அவருடைய நிறத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, முதலிலிருந்து வைப்போம். அதற்கு முன் N அழுத்தி ஆளின் Dimensions பாருங்கள். நின்றால் 1.7 மீட்டர் அளவில் வர வேண்டிய ஆள் 17 மீட்டர் என்றால் நான் கீழே சொல்லும் எந்த எண்ணும் வேலை செய்யாது. காட்சியைச் சூழ்ந்திருக்கும் World நிறத்தை முழுக் கறுப்பாக்குங்கள். புதுக் கோப்பில் அது கருஞ்சாம்பலாக இருக்கும், அதுவும் எல்லாப் பக்கமிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் தந்துகொண்டிருக்கும். நாலாவது லைட் ஒன்று எரிகிறது என்று தெரியாமலே மூன்றைத் திருத்திக்கொண்டிருப்போம். பிறகு மூன்று லைட்டையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

கீ இங்கே லாம்பு. ஆனால் லாம்புக்குள் ஒரு பொயின்ட் லைட்டை வைத்து அதையே கீயாக நம்பக்கூடாது. லாம்பு பரணில் ஆளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நாடிக்கும் அதற்கும் 40 சென்டிமீட்டர், நெற்றிக்கு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வர்க்கக் கணக்குப்படி நெற்றியைவிட நாடி 2.25 மடங்கு பிரகாசமாகும். வெளிச்சம் கீழிருந்து வருவதால் கண்குழி மேற்பக்கமாக ஒளிர்ந்து, மூக்கு நிழல் நெற்றியை நோக்கி ஏறும். அம்மப்பா பேயாகிவிடுவார். அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். லாம்பைப் பரணிலிருந்து எடுத்துக் கொட்டிலின் முன்கப்பில், அவருடைய தலைக்குக் கொஞ்சம் மேலே கொழுவிவிடுங்கள். காவல் கொட்டிலில் அப்படிக் கொழுவுவதும் வழமைதானே. பிறகு லாம்பு இருக்கும் அதே திசையில், ஃபிரேமுக்கு வெளியே, முகத்திலிருந்து 1.5 மீட்டரில் ஒரு ஏரியா லைட்டை வையுங்கள். கமராவுக்கும் முகத்துக்குமான கோட்டிலிருந்து ஏறக்குறைய 45 பாகை விலகி இருக்கட்டும். அளவு 1 மீட்டர், Power 40. இப்போது முகத்தின் மேலும் கீழும் உள்ள வித்தியாசம் மிகக் குறைவு, பார்ப்பவருக்கோ வெளிச்சம் லாம்பிலிருந்து வருவதாகத்தான் படும்.

நிறத்துக்கு லைட்டில், வெப்பநிலையை நிறமாக்கும் Blackbody நோட்டைப் போட்டு 3000 கெல்வின் கொடுங்கள். உண்மையான மண்ணெண்ணெய்ச் சுடர் 2000 கெல்வின் பக்கம்தான். ஆனால் அதை அப்படியே போட்டால் தோல், சாரம், கப்பு, கிடுகு எல்லாம் ஒரே செம்மஞ்சளாகி எது எது என்று தெரியாமல் போகும். உண்மையைவிடப் படத்துக்கு எது தேவையோ அதை எடுப்பதில் எனக்குச் சங்கடமில்லை.

கீ மட்டும் எரியும்போது முகத்தைப் பாருங்கள். மூக்கு நிழல் கீழ்நோக்கிச் சரிந்து மறுகன்னத்தின் நிழலோடு சேர வேண்டும். அந்தக் கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு முக்கோண வெளிச்சம் மிஞ்சும். ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால் சொல்லப்படும் முக்கோணம் இது. அது வரவில்லையென்றால் கீ அளவுக்கு மீறிப் பக்கவாட்டில் போய்விட்டது. Power எண்ணைத் தொட வேண்டாம், லைட்டை நகர்த்துங்கள்.

இனித் தோல். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். இந்தப் பாடங்கள் பெரும்பாலும் வெளிர்தோல் ஆளை வைத்தே செய்யப்படுகின்றன. வெளிர்தோல் விழும் வெளிச்சத்தில் பெரும்பங்கை உள்வாங்கிச் சிதறித் திருப்பி அனுப்பும், அதனால் அங்கே உருவத்தைக் காட்டுவது அந்தச் சிதறல். கறுத்த தோலில் சிதறல் குறைவு. ஆனால் மேற்பரப்பிலிருந்து கண்ணாடிபோல் தெறிக்கும் பங்கு, நேராகப் பார்க்கையில் ஏறக்குறைய 3 முதல் 4 சதவீதம், எந்த நிறத் தோலுக்கும் ஒன்றுதான். சிதறல் குறைந்த இடத்தில் இந்தத் தெறிப்புத்தான் எடுபடும். கறுத்த முகத்தின் அழகே நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஓடும் அந்த மினுக்கம். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, மேற்பரப்பின் சொரசொரப்பைச் சொல்லும் Roughness எண்ணைக் கவனியுங்கள். 0.4இல் தொடங்கலாம். 0.7 என்றால் மினுக்கம் பரந்து மங்கிக் கரி பூசியதுபோலாகும், 0.2 என்றால் எண்ணெய் வழியும். தெறிப்பில் தெரிவது லைட்டின் உருவம் என்பதால் லைட்டின் அளவும் இங்கே பேசும். 20 சென்டிமீட்டர் லைட் நெற்றியில் ஒரு பொட்டாகத் தெரியும், 1 மீட்டர் லைட் அகன்ற மினுக்கமாகப் பரவும். ஏரியா லைட்டில் அளவை மாற்றினாலும் மொத்த Power மாறாது, ஆகவே பயப்படாமல் பெருப்பித்துப் பாருங்கள்.

அடுத்தது ஃபில். கமராவுக்கு மிகப் பக்கத்தில், லென்ஸுக்குச் சற்று மேலே, முகத்திலிருந்து 3 மீட்டரில் வையுங்கள். மறுபக்கத்தில் வைத்தால் அது தனக்கென்று இன்னொரு மூக்கு நிழலைப் போடும். ஒரு மூக்குக்கு இரண்டு நிழல் என்றால் படத்தில் லைட் வைத்திருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும். அளவு 2 மீட்டர், லேசான நீலம், Power 20. 40க்கு 20 என்றால் பாதிதானே என்று கேட்பீர்கள். கீயின் தூரம் 1.5, ஃபில்லின் தூரம் 3. தூரம் இரட்டித்ததால் நாலில் ஒன்று, எண்ணே பாதி, ஆக முகத்தில் எட்டில் ஒன்று. பகல் காட்சியென்றால் பாதியோ நாலில் ஒன்றோ போதும். இரவுக்கு எட்டில் ஒன்றுக்கு மேல் ஏற்றினால் இரவே போய்விடும். ஃபில்லை அணைத்து அணைத்துப் போடுங்கள். போட்டதும் நிழற்பக்கக் கண் தெரிய வேண்டும், ஆனால் அங்கே ஒரு லைட் இருப்பதாகத் தோன்றக்கூடாது.

ரிம் நிலவு. பின்னால், லாம்புக்கு எதிர்ப்பக்கம், உயரத்தில், 2 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் அளவில், 30 வாட், குளிர்ந்த நீலம். தோளிலும் காதோரத்திலும் நரைமயிரிலும் ஒரு மெல்லிய கோடு விழ வேண்டும். சாய்கோணத்தில் தெறிப்புப் பல மடங்கு கூடுவதால் கறுத்த தோல் இந்தக் கோட்டை நன்றாகப் பிடிக்கும், 30கூட அதிகமாகலாம். மூக்கு நுனியில் நீலம் விழுந்தால் லைட் போதிய அளவு பின்னால் இல்லை என்று அர்த்தம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். கொட்டிலுக்குக் கிடுகுக் கூரை இருக்கிறது, நிலவு அதைத் தாண்டி உள்ளே வராது. கூரையை உடைக்க வேண்டாம். ரிம் லைட்டைத் தெரிவு செய்து Object தாவலில் Shading பகுதிக்குள் Shadow Linking பாருங்கள். கூரையை அதில் சேர்த்து, அதன் பக்கத்தில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் கூரை அந்த லைட்டுக்கு மட்டும் நிழல் போடாது. ரிம் கப்பிலும் பரணிலும் சிந்திக் கண்ணை இழுத்தால் Light Linking வழியாக ஆளுக்கு மட்டும் விழச் செய்யலாம். சைக்கிள்ஸில் இது 4.0 முதல் உண்டு. ப்ளெண்டரின் மற்ற ரெண்டர் இயந்திரமான ஈவியில் செய்வதென்றால் 4.3 வேண்டும்.

மூன்றும் எரியும்போது Color Management பகுதியில் View Transform என்பதை, வெளிச்ச அளவை நிறங்களாகக் காட்டும் False Color ஆக்கிப் பாருங்கள். கீ விழும் கன்னம் சாம்பலையொட்டி வந்தால் நடுத்தரம், சரி. நெற்றி மினுக்கம் அதற்கு மேலே போகலாம். கன்னம் முழுக்கச் சிவந்து நின்றால் லைட்டுகள் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள், ஒன்றை மட்டும் குறைத்தால் கணக்குக் குழம்பிவிடும். பார்த்து முடிந்ததும் AgXக்குத் திரும்ப மறந்துவிடாதீர்கள். இப்போது World நிறத்தில் மிக இருண்ட நீலம் கொஞ்சம் சேர்க்கலாம், வயல்வெளி முழுக்கறுப்பாக நிற்காது. சேர்த்தபின் ஃபில்லை இன்னொருமுறை பாருங்கள், அநேகமாகக் குறைக்க வேண்டிவரும்.

லாம்பு ஃபிரேமில் தெரிவதால் அதுவும் எரிய வேண்டுமே. திரியைத் தானே ஒளிரச் செய்ய எமிஷன், அதோடு சின்னதாக ஒரு பொயின்ட் லைட், 2 அல்லது 3 வாட், கப்பிலும் கூரையின் அடியிலும் மட்டும் வெளிச்சம் விழ. அது எரியவேயில்லை என்று தோன்றினால் சிமினிதான் மறிக்கிறது. சைக்கிள்ஸ் கண்ணாடியை ஊடுருவும் வெளிச்சத்தை இலேசில் கணக்கெடுக்காது, நிழலாகப் போட்டுவிடும். சிமினியைத் தெரிவு செய்து Object தாவலில் Visibility, Ray Visibility என்று போய் Shadow பக்கத்தில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். வெளிச்சம் வந்துவிடும்.