கஃபுக்குள் நுழையும் வாட்ச்: எத்தனை மில்லிமீட்டர்?

கேள்வி: "தனியார் வங்கியில் வேலை. பதவி உயர்வுக்குப் பிறகு தினமும் முழுக்கைச் சட்டை, கஃப் பட்டன் போட்டுத்தான் போக வேண்டும். என் ஆட்டோமேட்டிக் வாட்ச் கஃபுக்குள் போகாமல் மேலே ஏறி நிற்கிறது, சட்டை ஓரமும் நைந்துபோகிறது. 15,000 ரூபாய்க்குள் ஸ்லிம்மான டிரஸ் வாட்ச் எது வாங்கலாம்? ஆன்லைனில் ஒருவர் பழைய சுவிஸ் வாட்ச், 'அல்ட்ரா ஸ்லிம்', 4,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?" — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த 4,500 ரூபாய் வாட்ச் வேண்டாம். 7 மி.மீ.க்கு மேல் தடிமன் போகாத குவார்ட்ஸ் வாட்ச் ஒன்றைப் புதிதாக, பில்லோடு வாங்குங்கள். டயல் சாதாரணமாக, ஸ்ட்ராப் மெல்லிய தோலாக இருந்தால் ஆபீசுக்கு அதுவே போதும்.

உங்கள் இப்போதைய வாட்ச் ஏன் மாட்டுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோமேட்டிக் வாட்சின் மெஷினுக்கு மேல், கை அசையும்போது சுற்றி வைண்ட் செய்யும் ரோட்டர் ஒன்று இருக்கும். நடுத்தர விலை வாட்சுகளில் அதிகம் வரும் ஜப்பான் ஆட்டோமேட்டிக் மெஷின்கள் பலவற்றில் மெஷினே 5 மி.மீ.க்கு மேல் தடிமன். அதன் மேல் டயல், முட்கள், கண்ணாடி, கீழே பின்மூடி எல்லாம் சேர்ந்தால் 11, 12 மி.மீ. ஆகிவிடும். டயல் எவ்வளவு அழகாக இருந்தாலும், 'டிரஸ் வாட்ச்' என்று பெட்டியில் போட்டிருந்தாலும், அந்த உயரம் குறையாது. செல்லில் ஓடும் குவார்ட்ஸ் மெஷினில் இந்தச் சிக்கல் இல்லை. நம் ஓசூரில் டைட்டன் 2002இல் கொண்டுவந்த 'எட்ஜ்' வாட்சின் மெஷின் 1.15 மி.மீ.தான், முழு வாட்சும் 3.5 மி.மீ. அவ்வளவு மெல்லியது உங்களுக்குக் கட்டாயமில்லை. 5 முதல் 7 மி.மீ. வரை இருந்தால் கஃப் தானாக மேலே வழுக்கிப் போகும்.

இந்த எண்ணைக் கடையில் தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடு. அட்டைப்பெட்டியில் எம்.ஆர்.பி. இருக்கும், தயாரித்த மாதம் இருக்கும், வாரண்டி கார்டு இருக்கும். தடிமன் மட்டும் இருக்காது. ஆன்லைனில் 'ஸ்லிம்' என்று தலைப்பிலேயே எழுதுவார்கள், கீழே போனால் டயல் அகலம் மட்டும் போட்டிருப்பார்கள். சில இடங்களில் போடும் தடிமனும் கண்ணாடியைச் சேர்க்காத அளவு. துணிக்கடையில் சட்டையின் நீளத்தை நாடா வைத்துக் காட்டுகிறார்கள், பத்தாயிரம் ரூபாய் வாட்சுக்கு தடிமன் அளக்கும் வெர்னியர் கருவி ஒன்றை எடுத்துக் காட்ட ஆளில்லை. நீங்களே ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கி எடுத்துப் போங்கள், சில நூறு ரூபாய்தான். பின்மூடியிலிருந்து கண்ணாடியின் உச்சிவரை ஒரு அளவு, பின்மூடியிலிருந்து கேஸின், அதாவது வாட்சின் வெளிக்கூட்டின், ஓர விளிம்புவரை இன்னொரு அளவு எடுங்கள். இந்த இரண்டாவது அளவுதான் முக்கியம். சட்டையின் ஓரம் முதலில் மோதுவது அந்த விளிம்பில். செங்குத்தான ஓரம் வாசல்படி போலத் தடுக்கும். ஓரம் சரிந்து, நடுவில் மட்டும் கண்ணாடி உயர்ந்திருந்தால் துணி ஏறிப் போய்விடும். இரண்டு வாட்சும் 8 மி.மீ. என்றாலும் ஒன்று மாட்டும், மற்றது மாட்டாது என்பதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் ஆபீஸ் சட்டையையே போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். வாட்சைக் கட்டி, கஃப் பட்டனைப் போட்டு, மணி பார்ப்பதுபோலக் கையை மடக்கித் தூக்கிவிட்டுக் கீழே தொங்கவிடுங்கள். விரலால் இழுக்காமல் கஃப் தானாக இறங்கி வாட்சை மூட வேண்டும். கிரவுனில், அதாவது சாவி கொடுக்கும் குமிழில், துணி தொங்குகிறதா என்று பாருங்கள். சேல்ஸ்மேன் பெரிய குரோனோகிராப் ஒன்றைத்தான் முதலில் எடுத்து வைப்பார். அங்கே நின்று வாதாட வேண்டாம்.

7 மி.மீ. கணக்கிலிருந்து ஒரே ஒரு விலக்கு உண்டு. சட்டையைத் தையல்காரரிடம் தைத்துப் போடுபவர்களுக்கு அது பொருந்தாது. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், பலருக்குப் புது வாட்சே தேவைப்படாது. ரெடிமேட் சட்டையில் இடது, வலது இரண்டு கஃபும் ஒரே சுற்றளவு. தையல்காரரிடம் சொன்னால் வாட்ச் கட்டும் கையின் கஃபை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றரை செ.மீ. கூட்டித் தைத்துக் கொடுப்பார். அளவு கொடுக்கும்போது வாட்சைக் கட்டிக்கொண்டே கொடுக்க வேண்டும், கழற்றிவைத்துவிட்டுக் கொடுத்தால் பயனில்லை. உதாரணமாக மணிக்கட்டு 17 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 12 மி.மீ. வாட்சைக் கட்டி அதன் மேலாக நாடாவைச் சுற்றினால் கிட்டத்தட்ட 18.7 வரும். 6 மி.மீ. வாட்சுக்கு அதுவே 17.8 போல இருக்கும். ஒட்டித் தைத்த ரெடிமேட் சட்டையின் கஃப், பட்டன் போட்ட நிலையில் 20 செ.மீ. என்றால், மெல்லிய வாட்சுக்கு 2 செ.மீ.க்கு மேல் இடம் மிஞ்சும். தடித்ததற்கு ஒன்றேகால் செ.மீ.தான். துணியின் மடிப்பும் தையலும் அதில் பாதியைத் தின்றுவிடும். அந்தக் கஃபை 21.5 ஆக்கினால் 9 மி.மீ. வாட்ச்கூடத் தாராளமாக உள்ளே போகும். கையில் இருக்கும் சட்டைக்கும் வழி இருக்கிறது. கஃப் பட்டனை அவிழ்த்து ஓரத்தை நோக்கி ஒரு செ.மீ. தள்ளித் தைத்தால் போதும், தெருமுனைத் தையல்கடையில் பத்து நிமிட வேலை. கஃபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டன் இருந்தால் அதுகூட வேண்டாம், வெளிப்பட்டனைப் போடுங்கள். ஆனால் உங்கள் 12 மி.மீ. வாட்சுக்கு இது தீர்வாகாது. கஃபைத் தளர்த்தினால் உள்ளே போகும், ஆனால் ஓர விளிம்பு துணியைத் தேய்ப்பது நிற்காது.

ஸ்ட்ராப் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே பஞ்சு வைத்து உப்பிய தோல் ஸ்ட்ராப் வேண்டாம், தட்டையானது போதும். கீழே மடங்கும் பட்டாம்பூச்சி கிளாஸ்ப்பும் வேண்டாம், அது மணிக்கட்டின் அடியில் தனியாகத் தடிமன் கூட்டும். சாதாரண ஊசி பக்கிள்தான் சரி.

இனி அந்தப் பழைய சுவிஸ் வாட்ச். என் மேசைக்கு ரிப்பேருக்கு வரும் 'விண்டேஜ்' வாட்சுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்பதால், இதைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். ஐம்பது வருடம் பழைய வாட்சின் டயல் வியர்வையில் கறுத்திருக்கும், முட்கள் துருப்பிடித்திருக்கும். அதை வாங்கி டயலைச் சுரண்டி, புதிதாகப் பெயின்ட் அடித்து, மேலே கம்பெனி பெயரை அச்சடித்துவிடுவார்கள். தொழிலில் இதை ரீடயல் என்போம். மெஷின் ஒரு வாட்சிலிருந்து, கேஸ் இன்னொன்றிலிருந்து, கிரவுன் எங்கிருந்தோ. 'ஃபுல் சர்வீஸ்' என்பது பல இடங்களில் பெட்ரோலில் முக்கி எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவதுதான்.

ரீடயலை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். போட்டோவைப் பெரிதாக்கி எழுத்துகளைப் பாருங்கள், ஓரம் பிசிறாக, கோடுகள் தடிமன் மாறி மாறி இருக்கும். நிமிடக் கோடு பக்கத்திலிருக்கும் மணியைக் காட்டும் கோட்டுக்கு நேராக நிற்காது. பழைய கேஸில் பளபளக்கும் நீல, ஆரஞ்சு டயலைக் கண்டால் சந்தேகப்படுங்கள். கேஸின் மூலைகள் பாலிஷ் போட்டுப் போட்டு உருண்டிருக்கும். பின்மூடியைத் திறந்து மெஷினைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டயலிலும் மெஷினிலும் ஒரே கம்பெனி பெயர் இருக்கிறதா, திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். சாக்கு சொல்லித் தட்டிக்கழித்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். நேரில் கிடைத்தால் முழுச் சாவி கொடுத்து ஒரு நாள் மேசையில் படுக்க வையுங்கள். நல்ல நிலையில் இருக்கும் மெஷின் 36 மணி நேரமாவது ஓடும். 24 மணி நேரம் தாண்டாவிட்டால் அதைச் சரிசெய்யும் செலவு வாட்ச் விலையைத் தொட்டுவிடும்.

எச்.எம்.டி. பெயரிலும் இதே வியாபாரம் நடக்கிறது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. அதன் பிறகும் 'பிரிக்காத பழைய ஸ்டாக்' என்று விதவிதமான நிறங்களில் அதன் 'ஜனதா' மாடல் வாட்சை விற்கிறார்கள். எழுபதுகளில் வந்தது போன்ற வாட்ச் ஏன் நேற்று அச்சடித்ததுபோல மின்னுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. புகார் கொடுத்தால் 'செகண்ட் ஹேண்ட் சார், கியாரண்டி கிடையாது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையான பழைய வாட்சே ஆனாலும் தினசரி ஆபீசுக்கு நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து மெல்லிய கேஸ் பலவற்றில் தண்ணீர் தடுப்பே கிடையாது. நம் ஊர் வியர்வை கிரவுன் வழியாக இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

புது குவார்ட்ஸ் வாங்கியபின் கவனம் தேவைப்படும் இடம் செல் மாற்றுவதுதான். மெல்லிய வாட்சுக்குள் போகும் செல்லும் மெல்லியது, சாதாரண பட்டன் செல்லைவிடத் தடிமன் குறைவு. தெருக்கடையில் 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று கையில் கிடைத்ததை அமுக்கிவிடுவார்கள். அடியில் இருக்கும் தகடு வளையும், பின்மூடி முழுசாக உட்காராது. மூடியைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஓரிடத்தில் இடைவெளி தட்டினால் வாட்சைத் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதன் வழியாக ஈரம் போகும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ஒரு செல்லுக்கு இரண்டு முறை அலைய விடுவார்கள். உதிரிப் பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் பூட்டிவைத்திருக்கும் கம்பெனிகளால் வந்த வினை இது. இருந்தாலும் மெல்லிய வாட்சுக்கு அங்கேதான் போங்கள். பழைய செல்லைக் கேட்டு வாங்கி, அதில் பொறித்திருக்கும் எண்ணும் புதிய செல்லின் எண்ணும் ஒன்றா என்று கவுண்டரிலேயே பாருங்கள். '30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று பின்னால் எழுதியிருப்பது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். குளிக்கும்போது கழற்றிவிடுங்கள்.