தெருக்கூத்து வீடியோவிலிருந்து தம்ப்னெயிலுக்கு ஒரு ஃப்ரேம்

கேள்வி: எங்கள் ஊர்க் கூத்தை வீடியோ எடுத்து எடிட்டிங்கும் முடித்துவிட்டேன். தம்ப்னெயிலுக்கு எந்த இடத்தில் நிறுத்தினாலும் முகம் மங்கலாகவே வருகிறது. நல்ல பாவத்தோடு தெளிவான ஃப்ரேமை எப்படிப் பிடிப்பது, அதை எப்படி மெருகேற்றுவது?

பதில்:

வேலூர், ஆரணி, செய்யாறு வட்டாரத்துக் கூத்துகளைத் தொடர்ந்து எடிட் செய்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நொடிக்கு 25 ஃப்ரேம் வைத்து எடுப்பவர்கள் வழக்கமாக ஷட்டரை 1/50 நொடியில் வைப்பார்கள். வீடியோ ஓடும்போது அசைவு இயல்பாகத் தெரிய அதுவே ஏற்றது. ஆனால் கட்டை வேடம் கட்டியவர் சுழன்றாடும்போது அந்த 1/50 நொடிக்குள்ளேயே அவருடைய முகம் பல பிக்சல்கள் நகர்ந்துவிடுகிறது. ஆகவே பாவம் உச்சத்தில் இருக்கும் கணத்தை விட, அசைவு ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திரும்பும் கணத்தைத் தேடுங்கள். ஓங்கிய கை இறங்கத் தொடங்கும் முன், அடவு முடிந்து மிருதங்கம் நிற்கும் இடம், வசனம் முடிந்து நடிகர் கூட்டத்தைப் பார்க்கும் இடம் ஆகியவற்றில் உடல் நின்றிருக்கும், பாவம் மட்டும் முகத்தில் தங்கியிருக்கும்.

அப்படிப்பட்ட இடத்தைக் கண்டதும் அங்கிருந்து இரண்டு நொடிகளை முழுவதுமாகப் படங்களாக எடுத்துவிடுவதே நல்லது. 00:41:17 என்பதற்குப் பதிலாக உங்கள் இடத்தின் நேரத்தைப் போட்டு ffmpeg என்ற மென்பொருளில் கீழே உள்ள கட்டளையைக் கொடுத்தால், 25 ஃப்ரேம் வீடியோவில் 50 படங்கள் கிடைக்கும்.

```
ffmpeg -ss 00:41:17 -i koothu.mov -t 2 frame_%03d.png
```

இதற்கு உயர் தரத்தில் ஏற்றுமதி செய்த மூலக் கோப்பையே பயன்படுத்துங்கள். இணையத்தில் ஏற்றித் திரும்ப இறக்கிய கோப்பிலும் வாட்ஸ்அப்பில் வந்த கோப்பிலும், இருட்டான காட்சிகளில் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஏற்றுமதி செய்வதும், ஒரு ஷாட் மற்றொன்றில் கரையும் இடங்களைத் தவிர்ப்பதும் அவசியம்.

படங்களை 100% அளவில் திறந்து கண்மணியில் விழும் விளக்கொளியைப் பாருங்கள். அது கோடாக இழுபட்டிருந்தால் முகம் அசைந்திருக்கிறது என்று பொருள். அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள், எந்த ஷார்ப்பனும் அதைச் சரிசெய்யாது. ஒளி உருண்டையாகப் பரவி, தோளிலுள்ள அணிகலன் மட்டும் கூர்மையாக இருந்தால் ஃபோக்கஸ் பின்னால் போயிருக்கிறது. இந்தக் குறை லேசாக இருந்து, வீடியோ 4K ஆகவும் இருந்தால், 1280 × 720 அளவுக்குச் சுருக்கும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். 4K படத்தில் பாதி அகலத்தை வெட்டி எடுத்தாலும் 1920 பிக்சல் மிஞ்சும். 1080 வீடியோவில் அதே போல வெட்டினால் 960 தான் மிஞ்சும், அதைப் பெரிதாக்கும்போது மங்கலும் சேர்ந்து பெரிதாகும்.

பதினெட்டாம் போர் கூத்தில் துரியோதனன் வேடத்தின் ஷாட் ஒன்றில், வாயை முழுக்கத் திறந்து முழங்கும் ஃப்ரேமே முதலில் கண்ணை இழுத்தது. ஆனால் அதில் கண்ணொளி கோடாக இருந்தது. மேலும் செல்போன் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தபோது, ஒட்டு மீசைக்குக் கீழே திறந்த வாய் வெறும் கரும்புள்ளியாகத் தெரிந்தது. சில ஃப்ரேம்கள் தள்ளி, வாய் மூடி, புருவம் நெரிந்து, விழி நேராக நிலைத்திருந்த படத்தில், சிவப்பு அரிதாரத்துக்கு நடுவே கண்ணின் வெண்மை சிறிய அளவிலும் பளிச்சென்று நின்றது. நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். சிறிய படத்தில் கோபத்தைச் சொல்வது கண்கள்தான் என்பது என் உறுதியான கருத்து.

மெருகேற்றும்போது முதலில் வெட்டுங்கள். படத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் முகமே இருக்கட்டும். கிரீடத்தின் உச்சி சற்று வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை. வீடியோவின் நேர அளவு கீழே வலது மூலையில் வரும் என்பதால் அங்கே முகமோ எழுத்தோ வேண்டாம். அடுத்து நாய்ஸைக் குறைத்து, முகத்தின் நிழலைக் கொஞ்சம் தூக்கி, பின்னால் எரியும் டியூப் லைட்டுகளின் வெளிச்சத்தைத் தாழ்த்துங்கள். சிவப்பு அரிதாரத்தின் மீது சிவப்பு LED விளக்கு விழும் இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது ஓரத்தில் முட்டிக் குவிந்திருந்தால் கன்னத்தின் மேடு பள்ளம் பதிவாகவே இல்லை. நிறத்தைக் குறைத்தாலும் அது திரும்பி வராது, விளக்கு குறைவாக விழும் வேறு ஃப்ரேமைத்தான் தேட வேண்டும்.

1280 × 720 அளவுக்குச் சுருக்கிய பிறகே ஷார்ப்பன் செய்யுங்கள். GIMP-இன் Unsharp Mask-இல் Radius 0.6, Amount 0.5 என்று தொடங்கி, மாஸ்க் போட்டுக் கண், புருவம், மீசை ஆகியவற்றுக்கு மட்டும் கொடுத்தால் போதும். நெற்றிக்கும் கொடுத்தால் அரிதாரம் மண் பூசியது போலச் சொரசொரப்பாகிவிடும். கிரீட விளிம்பில் வெள்ளைக் கோடு தோன்றினால் அளவு மிஞ்சிவிட்டது.

கடைசியாகப் படத்தை 160 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் பாவம் புரியவில்லை என்றால் மேற்கொண்டு மெருகேற்றாமல், எடுத்து வைத்த 50 படங்களுக்கே திரும்பிச் செல்லுங்கள்.