500 கிலோ எடுத்தால்தான் ரேட்டா? அச்சிட்ட பை வாங்குபவர்களுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தின்பண்டம் செய்பவர்களிடமிருந்துதான். எல்லாருக்கும் ஒரே புலம்பல்: பை போடுகிறவர் பெரிய ஆர்டருக்குத்தான் விலை குறைக்கிறார், சின்ன ஆளை மதிப்பதில்லை. கையில் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

மணப்பாறையில் முறுக்கு போடுகிறோம். கால் கிலோ பை, ரோட்டோ பிரிண்ட், இரண்டு லேயர். 100 கிலோ எடுத்தால் கிலோ 340, 500 எடுத்தால் 280 என்கிறார். எங்களுக்கு மாதம் 40 கிலோதான் ஓடும். 500 எடுத்துவிடலாமா?

எண்களோடு எழுதியதற்கு முதலில் நன்றி. 500 கிலோ உங்களுக்குப் பன்னிரண்டரை மாதச் சரக்கு. மிச்சம் 30,000 ரூபாய் என்று மனது துள்ளும். ஆனால் 1,40,000 ரூபாய் பையாக மாறி மூலையில் உட்காரும். மாதம் ஒன்றரை வட்டி என்று வைத்தால், 100 கிலோவாக வாங்குவதைவிட சுமார் 10,000 ரூபாய் கூடுதலாக வட்டிக்கே போய்விடும். மீதி 20,000. கடைசி இரண்டு மாதச் சரக்கு இருக்கும்போது லேபிளில் ஒரு வரி மாற வேண்டி வந்தால் அந்த 80 கிலோவும் குப்பை, அதாவது 22,400 ரூபாய். மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே காலி.

அவர் கொடுத்த இரண்டு ரேட்டுக்குள்ளேயே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 100 கிலோவுக்கு மொத்தம் 34,000. 500 கிலோவுக்கு 1,40,000. கூடுதல் 400 கிலோவுக்கு அவர் கேட்பது 1,06,000, அதாவது கிலோவுக்கு 265. அப்படியானால் முதல் 100 கிலோவும் 265 கணக்கில் 26,500தானே ஆக வேண்டும்? மேலே நிற்கிற 7,500 ரூபாய்தான் செட்டிங் செலவு: ஒவ்வொரு தடவையும் டிசைன் செதுக்கிய சிலிண்டர்களைக் கலருக்கு ஒன்றாக மெஷினில் ஏற்றி, கலர் பிடித்து, எல்லாக் கலரும் இடம் பிசகாமல் ஒன்றோடொன்று சேருகிற வரை ஓடுகிற பிலிமுக்கும் நேரத்துக்கும் அவர் வைத்திருக்கிற தொகை. இப்போது 250 கிலோவுக்குப் போட்டுப் பாருங்கள்: 265ஐ 250ஆல் பெருக்கி 7,500 கூட்டினால் 73,750. கிலோ 295. அறுபது ரூபாய்க் குறைப்பில் நாற்பத்தைந்து ரூபாய் பாதி ஆர்டரிலேயே வந்துவிடுகிறது! கேட்க வேண்டிய விலை இதுதான். 280க்கு ஆசைப்பட வேண்டாம். 250 கிலோவுக்கு அவர் 325 சொன்னால் அது மெஷின் செலவு இல்லை, வாய்க்கு வந்த எண். 300க்கு வந்தால் முடித்துவிடுங்கள், ஐந்து ரூபாய்க்காக மனிதரைப் பகைக்காதீர்கள்.

நல்ல டிஸ்கவுண்ட் வாங்க எப்படிப் பேச வேண்டும்? உடனே பதில் தேவை.

என்ன பொருள், எத்தனை கிலோ, இப்போது என்ன ரேட், எதுவும் எழுதவில்லை. உடனே மட்டும் வேண்டும். எண்களோடு மறுபடி எழுதுங்கள்.

கோவில்பட்டி. கடலைமிட்டாய். "அண்ணாச்சி, இந்தத் தடவை குறைச்சுக் குடுங்க, அடுத்த தடவை பெரிய ஆர்டர் தர்றேன்" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். வேறு எப்படிக் கேட்பது?

சிரிக்காமல் என்ன செய்வார்? இந்த வாக்கியத்தைத் தடை செய்ய எனக்கு அதிகாரம் இருந்தால் நாளைக்கே செய்வேன். ஒரு தின்பண்டக் கம்பெனியில் பர்சேஸில் இருந்த காலத்தில் நானே இதைச் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஒரே ஆளிடம் மூன்று தடவை. முதல் தடவை குறைத்தார். இரண்டாவது தடவை பாதி குறைத்தார். மூன்றாவது தடவை மேஜை டிராயரிலிருந்து ஒரு டைரியை எடுத்து, நான் முன்னே சொன்ன இரண்டு தேதியையும் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகு எங்கள் முதலாளி நிஜமாகவே பெரிய ஆர்டர் கொடுத்தபோதும், முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டுதான் மெஷினை ஓட்டினார். தப்பு அவருடையது இல்லை.

அடுத்த தடவை என்பது அவருக்கு எந்தச் செலவையும் குறைப்பதில்லை, அதுதான் விஷயம். இன்றைக்கு நீங்கள் 100 கிலோ எடுத்தால் இன்றைக்கு ஒரு செட்டிங், அடுத்த மாதம் இன்னொன்று. "வருஷத்துக்கு 500 எடுப்பேன், அதனால் 500 ரேட் கொடுங்கள்" என்பதும் இதே கோளாறுதான். ஐந்து தடவை மெஷின் ஏற்றினால் அவருக்கு ஐந்து செட்டிங். ஒரே ஓட்டத்தில் அச்சிட்டு, நீங்கள் பிரித்து எடுத்தால்தான் அவருக்கு மிச்சம், உங்களுக்கும் பணம் முடங்காது. மேலே மணப்பாறைக்காரர் கணக்கையே வைத்துச் சொல்கிறேன், பேச்சு இப்படிப் போக வேண்டும்:

"அண்ணாச்சி, 100க்கு 340, 500க்கு 280ன்னு சொன்னீங்க. அந்த அறுபது ரூபா எதுல மிச்சமாகுது, செட்டிங்லயா, பிலிம் வாங்குறதுலயா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டம். பெரும்பாலும் பதில் இப்படி வரும்: "செட்டிங்குதான் தம்பி. ஏத்தி இறக்கவே ரெண்டு மணி நேரம் போகுது, பதினஞ்சு கிலோ பிலிம் வேஸ்ட்டு."

"சரி, அப்போ ஒரே செட்டிங்ல 250 ஓட்டிருங்க. 125 இப்ப எடுத்துக்கிறேன், மீதி 125 தொண்ணூறு நாளுக்குள்ள. அட்வான்ஸ் பாதி இன்னைக்கே. ரேட் 295 போடுங்க."

"மீதியை நீ எடுக்கலேன்னா நான் என்ன செய்ய? உன் பேர் போட்ட பையை யாருக்கு விக்க?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தயாராக இல்லாமல் போகாதீர்கள். "தொண்ணூறாவது நாள் எடுத்தாலும் எடுக்காட்டியும் பில் போட்டுருங்க, பணம் வந்துரும். பர்சேஸ் ஆர்டர்லயே எழுதித் தர்றேன்." இதைச் சொன்ன பிறகு 295 வராவிட்டாலும் 300, 305 வரும். சொன்னபடி தொண்ணூறாவது நாள் எடுத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

மிச்சம் பிலிம் வாங்குவதில் என்று அவர் சொன்னால் வழி வேறு. "இதே மைக்ரான் பிலிம் வேற பார்ட்டிக்கு ஓடுற வாரத்துல என்னோடதையும் சேர்த்துப் போடுங்க, பத்து நாள் காத்திருக்கேன்" என்று கேளுங்கள். அவசரம் இல்லாத ஆளுக்கு விலை குறையும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதத்தில் மட்டும் இந்தப் பேச்சே வேண்டாம், அப்போது மெஷினில் இடம் கிடைப்பதே பெரிது.

காரச்சேவு, மிக்சர், ரிப்பன் பக்கோடா மூன்றுக்கும் தனித்தனிப் பை. ஒவ்வொன்றும் 100 கிலோதான். மூன்றையும் சேர்த்து 300 கிலோ ரேட் கேட்கலாமா?

கேட்கலாம், டிசைனை மாற்றினால். மூன்றும் தனி டிசைன் என்றால் மூன்று செட் சிலிண்டர், மூன்று செட்டிங். 300 என்பது காகிதத்தில் மட்டும். ஒரே அளவு, ஒரே பின்னணி வைத்து, பெயர் மட்டும் ஒரு கலரில் வருகிற மாதிரி டிசைனரிடம் சொல்லுங்கள். அப்போது மற்ற சிலிண்டர்கள் அப்படியே நிற்க, ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டலாம். சிலிண்டர் செலவும் குறையும். மூலப்பொருள் பட்டியலும் ஊட்டச்சத்து விவரமும் ரகத்துக்கு ரகம் மாறும் இல்லையா, அவையும் அதே கலரில் இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டுப் பின்பக்கத்தை எல்லாக் கலரிலும் போட்டுவிட்டு அழுதவர்கள் உண்டு. இன்னும் சின்ன ஆள் என்றால் பொதுவான ஒரு பை, மேலே ஸ்டிக்கர். அழகு கொஞ்சம் குறையும், 300 கிலோ நிஜமாகவே 300 கிலோ ஆகும்.

வேறு கம்பெனி 270க்குத் தருகிறது என்று சும்மா சொல்லிப் பார்க்கலாமா?

"அங்கேயே வாங்கிக்கோங்க" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? நிஜமான கொட்டேஷன் இருந்தால் காட்டுங்கள், அதிலும் இரண்டும் ஒரே மைக்ரானா என்று பார்த்துவிட்டுக் காட்டுங்கள். 50 மைக்ரான் பாலியையும் 40 மைக்ரானையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

300 கிலோ சொன்னோம், 328 கிலோ வந்தது. மொத்தத்துக்கும் பில். இது ஏமாற்று இல்லையா?

இல்லை. இந்தத் தொழிலில் பத்து சதவீதம் கூடக் குறைய வருவது வழக்கம். ஓட்டம் முடிகிற இடத்தை இம்மி பிசகாமல் நிறுத்த முடியாது. ஆனால் கூட வந்ததை வாங்க உங்களுக்குக் கட்டாயம் உண்டா என்பது ஆர்டரில் எழுதியதைப் பொறுத்தது. "ஐந்து சதவீதத்துக்கு மேல் வந்தால் எடுக்க மாட்டோம்" என்று முன்னாலேயே எழுதிக் கொடுங்கள். குறைய வந்தாலும் பேசிய ரேட்தான் என்பதையும் எழுதுங்கள். 500 சொல்லி 470 வந்ததும் "ஸ்லாப் தாண்டலை" என்று பழைய ரேட் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். எழுதி வாங்குங்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது.

குறைப்பு வேண்டாம், 60 நாள் கடன் கொடுங்கள் என்று கேட்கலாமா?

உங்களிடம் பணம் இல்லையென்றால் கேளுங்கள். மாதம் ஒன்றரை வட்டி என்றால் இரண்டு மாதத்துக்கு 340 ரூபாயில் பத்து ரூபாய்தான், மேலே சொன்ன நாற்பத்தைந்து ரூபாய்க்கு அது ஈடாகாது. அப்புறம், பை போடுகிறவர் உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால், பணம் கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். 2023-24 நிதியாண்டிலிருந்தே இப்படித்தான். 60 நாள் கேட்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

பெரிய ஆர்டர்தான் போடப் போகிறோம், முடிவாகிவிட்டது. பையில் எம்ஆர்பியையும் சேர்த்தே அச்சிட்டுவிட்டால், பேக் செய்யும்போது விலையை அடிக்கிற கோடிங் வேலை மிச்சம் இல்லையா?

வேண்டவே வேண்டாம். 2025 செப்டம்பர் 22 அன்று பாக்கெட் காரவகைகளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 ஆனபோது, விலை அச்சிட்ட பையைக் கட்டுக்கட்டாக வைத்திருந்தவர்கள் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். விலை, தேதி, பேட்ச் மூன்றுக்கும் வெள்ளைக் கட்டம் விடுங்கள். சிலிண்டருக்குக் காசு கொடுத்தது நீங்கள் என்றால் அது உங்கள் சொத்து என்றும், கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே ஆர்டரில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.